அடித்துக் காட்டும் விலையும் காம்போ பெட்டியும்: ஒரு பொடிக் கடையின் சலுகைத் துண்டறிக்கையை நேர்மையாகத் தயாரிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும்போது கைக்கு வரும் துண்டறிக்கைகளில் ஒரே வடிவம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே ஒரு பெரிய எண், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே சலுகை விலை, அதைச் சுற்றி மஞ்சள் நட்சத்திரம். ஓரத்தில் "இலவசம்" என்று ஒரு சொல். துண்டறிக்கை எழுதித் தரும் வேலையில் நான் முதலில் விசாரிப்பது அந்தக் கோடு போட்ட எண்ணைத்தான். அந்த விலை கொடுத்து இந்தக் கடையில் யாராவது வாங்கியிருக்கிறார்களா? இல்லை என்றால் அந்த எண் பொய். அதன் கீழே இருக்கும் எல்லாக் கணக்கும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

"வாடிக்கையாளருக்குத் தெரியாதா என்ன, எல்லாரும் ஏற்றித்தான் போடுகிறார்கள்" என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. தெரிந்திருந்தாலும் அந்த எண் வேலை செய்துவிடும் என்பதுதான் சிக்கல். ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஆட்களின் கண் முன்னால் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் இருக்கும் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் மதிப்பீடு 25-ஐ ஒட்டி அமைந்தது. 65-இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45-ஐ ஒட்டி அமைந்தது. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அவர்கள் கண்ணெதிரே நடந்தது. ஆனாலும் முதலில் பார்த்த எண் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. இதை நங்கூர விளைவு என்கிறார்கள். வாங்குபவர் சந்தேகத்தோடு பார்த்தாலும் இழுபடுவார் என்பதால், அந்த எண்ணை எழுதுகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம்.

ஒரு மாதிரிக் கடையை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். சொந்தமாக அரைத்து, பாக்கெட் போட்டு விற்கும் பொடிக் கடை. தீபாவளிக்கு நான்கு பொடிகளைச் சேர்த்து 369 ரூபாய்க்கு ஒரு பெட்டி போட நினைக்கிறார்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யும் கடையில் அன்றாடம் விற்கும் விலையும் இப்படி இருக்கின்றன:

- இட்லிப் பொடி 200 கிராம்: எம்.ஆர்.பி. 120, விற்பது 110
- சாம்பார்ப் பொடி 200 கிராம்: எம்.ஆர்.பி. 130, விற்பது 120
- பருப்புப் பொடி 200 கிராம்: எம்.ஆர்.பி. 130, விற்பது 115
- ரசப் பொடி 100 கிராம்: எம்.ஆர்.பி. 80, விற்பது 70

எம்.ஆர்.பி.களைக் கூட்டினால் 460. விற்பனை விலைகளைக் கூட்டினால் 415. இந்த இரண்டு கூட்டுத்தொகைக்கும் இடையில்தான் இந்தத் துண்டறிக்கையின் நேர்மை இருக்கிறது.

படி 1: வழக்கமான விலையைப் பில்லிலிருந்து எடுங்கள்

வழக்கமான விலை என்ன என்று முதலாளியைக் கேட்டால் அவர் நினைவில் இருக்கும் விலையைச் சொல்வார். அது பெரும்பாலும் சற்று உயர்ந்தே இருக்கும். பில் புத்தகத்தையோ பில்லிங் கணினியையோ திறந்து, சலுகை தொடங்குவதற்கு முந்தைய 30 நாட்களின் விற்பனையைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் எந்தெந்த விலைக்குப் போனது, எத்தனை பாக்கெட் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையை ஒப்பிடும் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 30 நாள் கணக்கை நான் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து எடுத்தேன். அங்கே விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். சதவீதக் கணக்கும் அந்த விலையிலிருந்துதான் வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு சூப்பர் மார்க்கெட் வழக்கில் தெளிவாக்கியது. நம் சட்டம் இத்தனை நாள் என்று எண்ணிச் சொல்வதில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. "வழக்கமாக" என்பதை நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்த 30 நாள் தாள்தான் ஆதாரம்.

நம் கடை புரட்டாசி சனிக்கிழமைச் சலுகை என்று இட்லிப் பொடியை 99-க்கு விற்றிருந்தால், அதுவும் அந்த 30 நாட்களுக்குள் வந்தால், 110-ஐ எழுதக் கூடாது. கூட்டுத்தொகை 404 ஆகிறது. மிச்சம் 35 ரூபாய்தான். கடைக்காரருக்கு இது வலிக்கும். ஆனால் போன வாரம் 99-க்கு வாங்கிய அம்மாள் இந்த வாரம் துண்டறிக்கையில் 110 என்று படித்தால் என்ன நினைப்பார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பழக்கம் உண்டு. சலுகைக்கு மூன்று வாரம் முன்பு 120-ஐ 140 ஆக்கிவிட்டு, தீபாவளிக்கு 120-க்கு "இறக்குவது". 30 நாள் தாளில் இது உடனே தெரிந்துவிடும்: விலை ஏறிய நாளிலிருந்து விற்பனை விழுந்திருக்கும், அதற்கு முன்பு அதே பொருள் 120-க்கு ஓடியிருக்கும். மிளகாய் வற்றலின் விலை உண்மையாகவே ஏறியதால் 140 ஆக்கியிருந்தால் அது வேறு. அப்போது அந்த விலையில் சில மாதங்கள் விற்றுவிட்டு, பிறகு அதை ஒப்பிடுங்கள்.

படி 2: எம்.ஆர்.பி.யை அடித்துக் காட்டாதீர்கள்

இந்தியாவில் பொய்யான ஒப்பீட்டுக்கு மிக எளிதாகக் கைக்கு எட்டும் எண் எம்.ஆர்.பி.தான். பாக்கெட்டில் அச்சாகியிருப்பதால் அது சட்டமே நிர்ணயித்த விலைபோல் தோன்றுகிறது. உண்மையில் அது வரிகள் எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அந்த எண்ணைத் தீர்மானிப்பவரும் தயாரிப்பாளரே. பொடியை அரைப்பவரும் பாக்கெட் போடுபவரும் கடையில் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது, 110-க்கு விற்கப்போகும் பொருளுக்கு 200 என்று அச்சிட்டுக்கொண்டு "45% தள்ளுபடி" என்று எழுதுவதை முதலில் தடுக்க வேண்டியது அவருடைய மனசாட்சிதான்.

நம் மாதிரிக் கடையில் இடைவெளி சிறியதுதான். ஆனாலும் விளைவைப் பாருங்கள். 460-ஐ அடித்து 369 என்று போட்டால் 91 ரூபாய் மிச்சம், ஏறத்தாழ 20 சதவீதம். 415-ஐ அடித்தால் 46 ரூபாய், 11 சதவீதம். முந்தைய நாள் வந்திருந்தால் வாடிக்கையாளர் தந்திருக்கப்போவது 415. ஆகவே அவருக்கு உண்மையில் மிச்சமாவது 46 மட்டுமே. மீதி 45 ரூபாய், அவர் ஒருபோதும் செலவழிக்கப்போகாத பணம்.

எம்.ஆர்.பி.யைக் குறிப்பிட வேண்டும் என்றால் சிறிய எழுத்தில் "எம்.ஆர்.பி. கூட்டுத்தொகை 460" என்று அதன் பெயரோடு எழுதலாம். "முன்பு 460" என்றோ "வழக்கமாக 460" என்றோ எழுதக் கூடாது. கோடும் போடக் கூடாது. கோடு போட்டாலே "இது நேற்றைய விலை" என்று கண் படித்துவிடும். பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது பிறகுதான்.

படி 3: பெட்டிக்குள் என்ன போகிறது என்று பாருங்கள்

காம்போவில் ஏமாற்று பெரும்பாலும் விலையில் இருப்பதில்லை. பெட்டியில் சேர்க்கும் பொருளில் இருக்கிறது. மூன்று பொடி ஓடுகிறது, நான்காவது தேங்கிக் கிடக்கிறது, அதைச் சேர்த்துத் தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தில் உருவாகும் பெட்டிகளே அதிகம்.

மறுபடியும் பில்லைப் பாருங்கள். இட்லிப் பொடியும் சாம்பார்ப் பொடியும் சேர்ந்து வந்த பில்கள் எத்தனை? அவற்றில் ரசப் பொடியும் இருந்தவை எத்தனை? ரசப் பொடி அரிதாகவே வருகிறது என்றால், பெட்டி வாங்கும் பலருக்கு அது வேண்டாத பொருள். அப்படிப்பட்டவருக்கு வேண்டிய மூன்றும் தனித்தனியாக 345 ரூபாய். பெட்டி 369. அவருக்கு 46 ரூபாய் மிச்சம் என்று துண்டறிக்கை சொல்கிறது. உண்மையில் அவர் 24 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். இதற்காகப் பெட்டியையே கைவிட வேண்டியதில்லை. நான்கும் வேண்டியவருக்கு அது நல்ல பேரம்தான். மற்றவர் வழி தவறாமல் இருக்க இரண்டு காரியம் செய்யுங்கள். சலுகை நாட்களிலும் நான்கு பொடிகளும் தனித்தனியாக, அதே விலைக்கு, அதே அலமாரியில் இருக்கட்டும். துண்டறிக்கையில் ஒவ்வொன்றின் தனி விலையையும் அச்சிடுங்கள். இரண்டையும் செய்துவிட்டால் கணக்கு வாங்குபவர் கைக்கு வந்துவிடும்.

"அப்படியென்றால் எந்த மூன்றை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், 299 ரூபாய்" என்று ஒரு யோசனை வரும். கேட்க நன்றாக இருக்கிறது. போட்டுப் பாருங்கள்: இட்லி, சாம்பார், பருப்பு எடுப்பவருக்கு 345-க்குப் பதில் 299, நல்ல லாபம். இட்லி, பருப்பு, ரசம் எடுப்பவருக்குத் தனித்தனியாகவே 295. சலுகையில் அவர் நான்கு ரூபாய் இழக்கிறார்! தேர்வை வாங்குபவரிடம் விட்டால் நிலையான விலை வைக்காதீர்கள். "ஏதேனும் மூன்று வாங்கினால் பில்லில் 30 ரூபாய் குறைவு" என்று வையுங்கள். எந்தச் சேர்க்கையிலும் யாரும் நஷ்டப்பட மாட்டார்கள்.

தேதியையும் பாருங்கள். மூன்று பாக்கெட் இந்த மாதம் அரைத்தவை, ஒன்று மட்டும் காலாவதிக்கு ஒரு மாதமே இருப்பது என்றால், அதை வெளியே சொல்லி விலையைக் குறைக்க வேண்டும், அல்லது பெட்டியில் சேர்க்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தேதியை யாரும் பார்ப்பதில்லை என்பதாலேயே அங்கே பழையதை வைக்கும் ஆசை வருகிறது. வெவ்வேறு பொருட்களைச் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கும்போது பெட்டியின் மேலும் எம்.ஆர்.பி., உள்ளே இருப்பவற்றின் பெயர், எடை ஆகியவை வர வேண்டும். அந்த லேபிளிலேயே எல்லாவற்றிலும் முதலில் காலாவதியாகும் பாக்கெட்டின் தேதியையும் சேர்த்து அச்சிடுவது நல்ல வழக்கம்.

படி 4: "இலவசம்" என்ற சொல்லைக் கணக்கில் நிறுத்துங்கள்

கடைக்காரர் கொண்டுவரும் முதல் வரைவு அனேகமாக இப்படித்தான் இருக்கும்: "மூன்று பொடி வாங்கினால் ரசப் பொடி இலவசம்! 369 மட்டுமே!"

மூன்று பொடியின் வழக்கமான விலை 345. வாங்குபவர் 369 தருகிறார். ஆக, ரசப் பொடிக்கு 24 ரூபாய் வாங்கிக்கொண்டு அதை இலவசம் என்கிறோம். மொத்தத் தொகையில் முழுதாகவோ பகுதியாகவோ விலை அடங்கியிருக்கும் பொருளை இலவசம் என்று தோன்றவைப்பது 2019 சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட முறையற்ற வணிக நடைமுறை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும், தொகுப்பின் விலையில் சேர்ந்துவிட்ட ஒன்றை இலவசம் என்று சொல்லக் கூடாது என்கின்றன. கூடவே வாங்க வேண்டிய பொருளின் விலையை அதற்காக ஏற்றக் கூடாது, தரத்தைக் குறைக்கவும் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

ஆக இரண்டே வழி. 345-க்கு நான்கையும் கொடுத்துவிட்டு "ரசப் பொடி இலவசம்" என்று தைரியமாக எழுதலாம். அல்லது 369 என்று வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். இரண்டாவது வழியில் "கூட 24 ரூபாய் கொடுத்தால் ரசப் பொடி" என்று எழுதலாம். இது உண்மை என்பதோடு, 70 ரூபாய்ப் பொருள் 24-க்கு என்பது படிப்பவரை நன்றாகவே ஈர்க்கும்.

படி 5: அளவுகளையும் பக்கத்தில் வைக்கும் பொருட்களையும் சரிபாருங்கள்

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். இட்லிப் பொடி 100 கிராம் 65, 200 கிராம் 110, 500 கிராம் 260 என்றால் அந்த நம்பிக்கை சரி: 100 கிராமுக்கு முறையே 65, 55, 52 வருகிறது. 500 கிராமை 290-க்கு வைத்து "குடும்பப் பாக்கெட்" என்று பெரிதாகப் போட்டால், 100 கிராமுக்கு 58 ஆகிறது. நடுத்தரப் பாக்கெட்டைவிட அதிகம். பாக்கெட்டுகளில் ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் விதிகள் இப்போது கேட்கின்றன. 55 பைசா, 58 பைசா என்று கிராம் கணக்கில் வரும் அந்த எழுத்து பொடி எழுத்தாக இருப்பதால் யாரும் படிப்பதில்லை. துண்டறிக்கையில் "100 கிராமுக்கு" என்று எல்லா அளவுக்கும் ஒரே கணக்கில், படிக்கக்கூடிய அளவில் போடுங்கள்.

விலை உயர்ந்த பொருளை முதலில் காட்டுவது தவறா? மண் ஜாடிகளில் அடைத்த 1,250 ரூபாய்ப் பரிசுப் பெட்டியை மேலே வைத்தால் கீழே உள்ள 369 சிறிதாகத் தெரியும். அதுவும் நங்கூரம்தான். என் கணிப்பில் இதில் தவறு இல்லை, ஒரு நிபந்தனையோடு: அந்தப் பெட்டி உண்மையில் இருக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும், அதன் விலைக்கு நியாயம் இருக்க வேண்டும். ஆனால் இட்லிப் பொடியும் சாம்பார்ப் பொடியும் மட்டும் உள்ள பெட்டியை 359 என்று வைத்து, பக்கத்தில் நான்கு பொடிப் பெட்டியை 369 என்று வைப்பது வேறு ரகம். அந்த இரண்டும் தனித்தனியாக 230-க்குக் கிடைக்கின்றன. யாரும் வாங்கக் கூடாது என்றே வைத்த பொருள் அது. விவரம் தெரியாத ஒருவர் அதையே வாங்கிப் போனால் கடைக்காரருக்குச் சங்கடமாக இருக்கும் என்றால், அதைத் துண்டறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

படி 6: கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை எழுதுங்கள்

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் கடைகளுக்கு இது முக்கியம். கூரியர் 60 ரூபாய் என்றால் பெட்டியின் மொத்தச் செலவு 429. கடைக்கு நேரில் வந்து நான்கையும் தனித்தனியாக வாங்கினாலே 415தான். வெளியூர்க்காரர் கடைக்கு வர முடியாது என்பது உண்மை. ஆனால் 369 என்ற எண்ணைப் பார்த்து முகவரி, போன் எண் எல்லாம் கொடுத்த பிறகு கடைசியில் 60-ஐச் சேர்ப்பது அவரைக் கட்டிவைத்துக் கேட்பதுபோல். இப்படித் துளித்துளியாக விலையை வெளியிடுவதை, 2023 நவம்பரில் வந்த இணைய வணிக நெறிமுறைகள் தடைசெய்யப்பட்ட 13 உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் அதே பட்டியலில் உண்டு. ஆகவே "கடைசி 10 பெட்டிகள்" என்று எழுதினால் அலமாரியில் பத்துதான் இருக்க வேண்டும்.

படி 7: எழுதி, தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள்

மேலே சொன்னவற்றின்படி நம் கடையின் துண்டறிக்கை இப்படி வரும்:

"நான்கு பொடிகள், ஒரே பெட்டி: 369 ரூபாய்.
எங்கள் கடையில் தனித்தனியாக வாங்கினால் 415 ரூபாய் (இட்லிப் பொடி 200 கி. 110, சாம்பார்ப் பொடி 200 கி. 120, பருப்புப் பொடி 200 கி. 115, ரசப் பொடி 100 கி. 70).
உங்களுக்கு மிச்சம் 46 ரூபாய்.
கூரியர் 60 ரூபாய் தனி. பொடிகள் தனியாகவும் கிடைக்கும்.
சலுகை அக்டோபர் 10 முதல் 25 வரை."

46 ரூபாய், 11 சதவீதம் இரண்டும் ஒன்றுதான். நான் ரூபாயை எழுதச் சொல்வேன். அதைப் பில்லோடு ஒப்பிட யாருக்கும் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதைக் கடையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் சில விநாடிகள் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று கேள்வி போதும். நேற்று வந்திருந்தால் இதற்கு எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? இன்று வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு கொடுப்பீர்கள்? இரண்டு பொடி மட்டும் வேண்டும் என்றால் கிடைக்குமா? பதில்கள் 415, 429, "கிடைக்கும்" என்று வந்தால் அச்சுக்கு அனுப்பலாம். இரண்டாவது கேள்விக்கு 369 என்றே பதில் வந்தால் கூரியர் வரி மிகச் சிறிதாக இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி விலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். "உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன், அவர் சரியாகப் படிக்கவில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. துண்டறிக்கையை எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

படி 8: சலுகை முடிந்த பிறகு

26-ஆம் தேதி பெட்டி 369-க்குக் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் முடிவுத் தேதி பொய்யாகிவிடும். நன்றாக ஓடுகிறது, ஆண்டு முழுதும் 369-க்கே வைக்கலாம் என்று முடிவெடுத்தால் வையுங்கள், ஆனால் "சலுகை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அப்போது 415-ஐயும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சில மாதங்கள் கழித்துப் பில்லில் தனிப் பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் ஒப்பீடு இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லாரும் பெட்டியையே வாங்குகிறார்கள், தனிப் பாக்கெட் அசையவே இல்லை என்றால் 415 இப்போது யாரும் தராத விலை. துண்டறிக்கையிலிருந்து அதை நீக்கிவிட்டு 369-ஐ மட்டும் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சலுகை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மேலே உள்ள மாதிரியில் விட்டிருக்கும் ஆண்டையும் தேதியோடு சேர்த்து, படத்தின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் போட வேண்டும். பழைய படத்தோடு வருபவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கல்லாவில் உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 30 நாள் விலைத் தாள், துண்டறிக்கையின் ஒரு பிரதி, சலுகை நாட்களின் பில் தொகுப்பு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். பொங்கலுக்கு அடுத்த பெட்டி போடும்போது முதல் படியின் பாதி வேலை அங்கேயே இருக்கும்.